மை பென் ரை

மை பென் ரை என்பது தாய்லாந்து மக்களின் அன்றாடப் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு தொடர். நன்றி சொன்னவருக்கும், மன்னிப்புக் கேட்டவருக்கும், தடுக்கி விழுந்த குழந்தைக்கும், பேருந்தைத் தவறவிட்டவருக்கும் இந்த ஒரே தொடரைச் சொல்லலாம். பயண நூல்கள் இதற்குப் பெரும்பாலும் 'கவலை வேண்டாம்' என்றோ 'போனால் போகட்டும்' என்றோ பொருள் எழுதுகின்றன. இரண்டும் சரிதான். ஆனால் முதலாவது எதிரில் இருப்பவரைத் தேற்றுவது, இரண்டாவது தன் மனத்தைத் தானே சமாதானப்படுத்துவது. ஒரே தொடர் இவ்விரண்டுக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பதை அதன் சொல்லமைப்பிலிருந்து அறியலாம்.

தமிழர்களுக்கு இத்தொடர் முற்றிலும் புதியதல்ல. 'பரவாயில்லை', 'ஒண்ணுமில்லை', 'இருக்கட்டும்', 'விடுங்க' என்று நாம் பல சொற்களில் பங்கிட்டுச் செய்யும் வேலையை அது தனியாகச் செய்கிறது. இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் வழங்கும் பேச்சோடு அதை ஒப்பிட்டு விளக்குகிறது. 'தாய் மொழி' என்று எழுதினால் தமிழில் வேறு பொருள் வந்துவிடும் என்பதால், இங்கு 'தாய்லாந்து மொழி' என்றே குறிக்கப்படுகிறது.

சொல்லமைப்பு

தொடரில் மூன்று சொற்கள் உள்ளன. 'மை' என்பது எதிர்மறை. தமிழில் 'இல்லை', 'அல்ல' செய்யும் வேலையைச் செய்வது. 'பென்' என்பது 'இருத்தல்', 'ஆதல்' என்ற பொருளுடைய வினை. 'ரை' என்பது 'அரை' என்ற வினாச்சொல்லின் சுருக்கம். அதன் பொருள் 'என்ன'. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'இல்லை–ஆகு–என்ன' என்று வரும்.

'என்ன' என்ற வினாச்சொல் இங்கே ஏன் வருகிறது என்று கேட்கலாம். தாய்லாந்து மொழியில் வினாச்சொல் எதிர்மறை வாக்கியத்தில் வரும்போது அது கேள்வி கேட்பதில்லை. 'எதுவும்', 'ஒன்றும்' என்ற பொருளைத் தருகிறது. தமிழிலும் 'எது' என்பதோடு 'உம்' சேர்ந்து 'எதுவும் இல்லை' என்றாகிறது. நமக்கு 'உம்' தேவைப்படுகிறது, அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை, வேறுபாடு அவ்வளவே. எனவே தொடரின் நேர்ப்பொருள் 'ஒன்றும் ஆகவில்லை' என்பது.

நடுவில் நிற்கும் 'பென்' கவனிக்கத்தக்கது. 'பென் க்ரு' என்றால் ஆசிரியராக இருப்பது. 'பென் கை' என்றால் காய்ச்சலாக இருப்பது. நோயும் துன்பமும் ஒருவருக்கு நேர்வதைச் சொல்ல இவ்வினையே பயன்படுகிறது. ஒருவர் முகம் வாடியிருந்தால் 'பென் அரை?' என்று கேட்பார்கள். தேனியில் இதே இடத்தில் 'என்ன ஆச்சு?' என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு நம் பதில் 'ஒண்ணும் ஆகல' அல்லது 'ஒண்ணுமில்ல'. அவர்களுடைய பதில் 'மை பென் ரை'. கேள்வியும் பதிலும் இரு மொழிகளிலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன.

எனவே பரவலாக எண்ணப்படுவதுபோல மை பென் ரை என்பதற்கு மிக நெருங்கிய தமிழ்த் தொடர் 'பரவாயில்லை' அன்று, 'ஒண்ணுமில்லை'தான். 'பரவாயில்லை' கவலையை மறுக்கிறது. 'ஒண்ணுமில்லை' நிகழ்ச்சியையே மறுக்கிறது. 'நீ செய்தது என்னைப் பாதித்தது, ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன்' என்பது ஒரு நிலை. 'நீ எதுவுமே செய்யவில்லை' என்பது இன்னொரு நிலை. தாய்லாந்து மொழித் தொடர் இரண்டாவது நிலையிலிருந்து புறப்படுகிறது. மற்ற பொருள்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

இன்று இது உறைந்துபோன ஒரு மரபுத்தொடர். 'அவர் ஆசிரியர் அல்லர்' என்று சொல்ல 'மை பென் க்ரு' என்று எவரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. அதற்கு வேறு எதிர்மறை அமைப்பு உண்டு. 'பென்' என்பதை 'மை' நேரடியாக மறுக்கும் இவ்வடிவம் இத்தொடரில் நிலைத்துவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் இதைப் பார்த்து மற்ற வாக்கியங்களை அமைத்தால் பிழையாகும்.

இந்த அமைப்பு தாய்லாந்துக்கு மட்டும் உரியதும் அன்று. அண்டை நாடான லாவோசில் 'போ பென் ஞாங்' என்பார்கள். அதிலும் 'இல்லை–ஆகு–என்ன' என்ற அதே வரிசைதான். மலாய் மொழியில் 'தீடாக் அப்பா' என்பதும் 'இல்லை–என்ன' என்ற சேர்க்கையே. மலேசியத் தமிழர்கள் அதன் பேச்சு வடிவமான 'தா அப்பா'வை நாள்தோறும் கேட்டுப் பழகியவர்கள். மை பென் ரை என்பதன் பொருளை மலேசியாவில் வளர்ந்த ஒருவருக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஒலிப்பு

தமிழ் எழுத்து இத்தொடருக்கு ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. 'பென்' என்பதில் வரும் ஒலி, 'பெண்' என்று சொல்லும்போது நாம் ஒலிக்கும் அதே மூச்சில்லாத பகரம். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இங்கே மூச்சைச் சேர்த்துவிடுவது வழக்கம். தமிழர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'ரை' என்பதை பாங்காக் பேச்சில் பலர் 'லை' என்று ஒலிப்பார்கள். ரகரம் லகரமாவது அங்கே பொதுவாகக் காணப்படும் திரிபு.

சிக்கல் 'மை' என்பதில் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. ஒரே அசையை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒலித்தால் பொருள் மாறும். எதிர்மறையான 'மை' மேலிருந்து கீழே இறங்கும் தொனியில் வர வேண்டும். கீழ்த் தொனியில் சொன்னால் 'புதிய', மேல் தொனியில் சொன்னால் 'மரம்', கீழிருந்து ஏறும் தொனியில் சொன்னால் 'பட்டு'. மற்ற இரண்டு அசைகளும் ஏற்ற இறக்கமில்லாத நடுத் தொனியில் வருபவை. 'ஏய்!' என்று ஒருவரைக் கண்டிக்கும்போது குரல் எப்படி மேலே தொடங்கிச் சட்டென்று இறங்குகிறதோ, ஏறத்தாழ அப்படி 'மை'யைச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் சமமாக நீட்டினால் போதும். தொனி சற்றுப் பிசகினாலும் மூன்று சொற்களும் சேர்ந்து வருவதால் கேட்பவர் புரிந்துகொள்வார்.

மரியாதையாகப் பேசும் ஆண்கள் இறுதியில் 'க்ரப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்ப்பார்கள். இவை நம் 'ங்க' விகுதி செய்யும் வேலையைச் செய்கின்றன. 'விடு' என்பதற்கும் 'விடுங்க' என்பதற்கும் உள்ள தூரம்தான் 'மை பென் ரை' என்பதற்கும் 'மை பென் ரை க்ரப்' என்பதற்கும் உள்ளது. ஒரு வேறுபாடு உண்டு. நம் 'ங்க' கேட்பவரின் மதிப்பை மட்டும் காட்டுகிறது. அவர்களுடைய விகுதி பேசுபவர் ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடுகிறது.

எந்தெந்த இடங்களில் வருகிறது

மிக எளிய இடம், நன்றிக்கு மறுமொழி. ஒருவர் 'கோப் குன்' என்று நன்றி சொன்னால் 'மை பென் ரை' என்று பதில் வரும். 'கோப் குன்' என்பதில் உள்ள 'குன்' நம் 'குணம்' என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து, பாலி மொழி வழியாகச் சென்றது. தேனி வட்டாரத்தில் பழகியவர்களுக்குள் 'நன்றி' என்ற சொல்லையே பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் விலகி நிற்பதாகத் தோன்றும். அப்படியும் ஒருவர் நெகிழ்ந்து, 'ரொம்ப உதவி பண்ணுனீங்கண்ணே' என்றால், 'அட, இதுல என்ன இருக்கு' என்று பதில் வரும். இங்கேயும் ஒரு 'என்ன' வந்துவிடுவதைக் கவனிக்கலாம். தாய்லாந்து மொழி 'என்ன'வோடு எதிர்மறையைச் சேர்த்துச் சொல்வதை, தமிழ் 'என்ன'வைக் கேள்வியாக விட்டே சொல்லிவிடுகிறது.

அடுத்தது மன்னிப்புக்கு மறுமொழி. மன்னிப்புக் கேட்பதற்கான தொடர் 'கோ தோட்'. 'கோ' என்றால் வேண்டுதல். 'தோட்' என்பது சமஸ்கிருத 'தோஷ'த்திலிருந்து வந்தது. நம் ஊரில் ஜாதகத்தில் பார்க்கும் தோஷம் அங்கே குற்றம், தண்டனை என்ற பொருளில் நிற்கிறது. எனவே மன்னிப்புக் கேட்பவர் சொல்வது, ஏறக்குறைய, 'குற்றம் என்னுடையது' என்பது. அதற்கு வரும் 'மை பென் ரை', 'குற்றமே நடக்கவில்லை' என்கிறது. இவ்விரு தொடர்களும் கேள்வியும் பதிலும்போல ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. இதைவிட மரியாதையான இன்னொரு தொடர் 'கோ அபய்'; அது 'அபயம்' வேண்டுவது.

மூன்றாவது இடத்தில்தான் வெளியூரார் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏதாவது கொடுக்க முன்வரும்போது அதை மென்மையாக மறுப்பதற்கும் இத்தொடரே வருகிறது. 'குடிக்கத் தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்டால் 'மை பென் ரை' என்று பதில் வரும். அதன் பொருள் 'வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்'. இதன் பின்னணியில் 'க்ரெங் ஜை' என்ற மனநிலை உண்டு. பிறருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாதே என்ற தயக்கம் அது. சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ ஒரு வீட்டுக்குப் போய், 'காப்பி சாப்புடுறீங்களா?' என்ற கேள்விக்கு, 'பரவாயில்லங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்' என்று சொல்பவரின் மனநிலையும் இதுவே. குடிக்காமல் வந்தவரும் முதல் தடவை அப்படித்தான் சொல்வார். வீட்டுக்காரரும் அதை நம்பாமல் அடுப்பைப் பற்றவைப்பார்.

நான்காவது, தேற்றுதல். குழந்தை கீழே விழுந்தால் 'மை பென் ரை, மை பென் ரை' என்று தூக்குவார்கள். நம் அப்பத்தாமார்கள் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று சொல்லித் தரையை ஓர் அடி அடிப்பார்கள். தேர்வில் தோற்ற மாணவருக்கும் இத்தொடரைச் சொல்லலாம். அப்போது அது 'கவலைப்படாதே' என்ற பொருளுக்கு நகர்கிறது.

கடைசியாக, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. பேருந்து போய்விட்டது, மழை வந்துவிட்டது, எதிர்பார்த்த பணம் வரவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரையும் தேற்ற வேண்டியதில்லை. ஆயினும் 'மை பென் ரை' என்ற சொல் வாயில் வருகிறது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தில் இதற்கு ஒத்த காட்சி உண்டு. பழம் கனிந்து அறுப்புக்கு நிற்கும்போது விடாமல் மழை பிடித்தால் பழத்தின் தோல் வெடித்து, கொத்து அழுகத் தொடங்கும். வியாபாரி விலையை இறக்குவார். தோட்டக்காரர் கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, 'சரி, விடு, அடுத்த காய்ப்புல பாத்துக்கிருவோம்' என்பார். இங்கு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கவாத்து செய்து காய் எடுக்க முடியும் என்பதால் அந்தச் சொல்லில் வெறும் ஆறுதல் மட்டும் இல்லை, ஒரு கணக்கும் இருக்கிறது. ஆனால் 'பரவாயில்லை' என்று அவர் சொல்வது அரிது. 'விடு' என்றுதான் சொல்வார். இழப்பு உண்மையானது என்று தெரிந்தே கைவிடும்போது வரும் சொல் அது.

தாய்லாந்து மொழியிலும் அப்படிக் கைவிடுவதற்குத் தனியாக 'சாங் மன்' என்ற தொடர் இருக்கிறது. 'அது கிடக்கட்டும்', 'எக்கேடோ கெடட்டும்' என்ற தொனி அதில் உண்டு. மை பென் ரை அதைவிட மென்மையானது. கோபம் எட்டிப் பார்த்தால் 'சாங் மன்', கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டால் 'மை பென் ரை' என்று ஏறத்தாழப் பிரித்துக்கொள்ளலாம்.

பரவாயில்லை: எங்கே ஒன்றுகிறது, எங்கே விலகுகிறது

'பரவாயில்லை' என்பதன் முதற்பகுதி தமிழ் அன்று. 'கவலை', 'பொருட்படுத்துதல்' என்ற பொருளுள்ள 'பர்வா' என்ற பாரசீகச் சொல் உருது வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்தது. அதனோடு அந்தந்த மொழி தன் எதிர்மறையை ஒட்டிக்கொண்டது. தமிழில் பரவாயில்லை, தெலுங்கில் பர்வாலேது, கன்னடத்தில் பரவாகில்ல. தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருவதால், இம்மூன்று வடிவங்களும் தொடர்பில்லாத சொற்கள்போல இங்கு எவருக்கும் தோன்றுவதில்லை.

மலையேறினால் நிலைமை சற்று மாறுகிறது. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கிக்குப் போய்வருபவர்கள் இரண்டு மலையாளத் தொடர்களைக் கேட்கிறார்கள். ஒன்று 'சாரமில்ல', மற்றது 'குழப்பமில்ல'. தெரியாமல் காலை மிதித்துவிட்டு வருந்தினால் 'சாரமில்ல' என்பார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டால், சுமாராக இருந்தால், 'குழப்பமில்ல' என்பார்கள். தமிழில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். 'பரவாயில்ல, தெரியாமத்தான மிதிச்சீங்க' என்கிறோம். 'படம் பரவாயில்ல' என்றும் சொல்கிறோம்.

மை பென் ரை 'சாரமில்ல' என்பதோடு ஒத்துப்போகிறது. 'குழப்பமில்ல' என்பதன் இந்த இரண்டாவது வேலையை அது செய்வதில்லை. தாய்லாந்து உணவுக் கடையில் சமையல் எப்படி என்று கேட்டவரிடம், 'பரவாயில்லை' என்று மனத்தில் நினைத்து 'மை பென் ரை' என்று சொன்னால், கேட்டவர் குழம்புவார். உணவில் ஏதோ குறை இருந்தது, இவர் அதைப் பெரிதுபடுத்தாமல் விடுகிறார் என்று அவர் பொருள்கொள்ளக்கூடும். 'மோசமில்லை' என்ற மதிப்பீட்டை அத்தொடர் சுமப்பதில்லை. தமிழர்கள் இத்தொடரைப் பயன்படுத்தும்போது தவறுவதற்கு மிக எளிதான இடம் இது.

இன்னொரு விலகல், யார் சொல்லலாம் என்பது. இரு மொழிகளிலும் இதைச் சொல்லும் உரிமை இழந்தவரிடமே இருக்கிறது. மிதிபட்டவர் 'பரவாயில்லை' என்று சொல்லலாம்; மிதித்தவர் சொன்னால் சண்டைதான் வரும். ஆனால் தாய்லாந்துக்குச் செல்லும் பயணிகள், தவறு செய்தவரே சிரித்துக்கொண்டு 'மை பென் ரை' என்று சொல்வதாகச் சில வேளைகளில் குறைப்படுவதுண்டு. வண்டி தாமதமாக வந்தது, ஓட்டுநர் 'மை பென் ரை' என்றார். இது என்ன நியாயம் என்று கேட்பார்கள். அங்கே ஓட்டுநர் பெரும்பாலும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. பயணியின் முகத்தில் பதற்றத்தைப் பார்த்து, 'ஒன்றும் ஆகிவிடாது, போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று தேற்றுகிறார். அதாவது நான்காவது பயன்பாட்டை, பயணி இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறார். இதனால் பயணியின் எரிச்சல் தவறு என்று ஆகிவிடாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க இத்தொடரைக் கேடயமாகப் பிடிப்பவர்களும் உண்டு. தாய்லாந்து மக்களே அதைக் குறைசொல்வார்கள்.

உடைந்த கண்ணாடிக் குவளை

ஒரு நிகழ்வை இரண்டு ஊர்களில் வைத்துப் பார்த்தால் இத்தொடரின் வேலை தெளிவாகும்.

கம்பம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. வாடிக்கையாளர் ஒருவரின் கைபட்டுக் கண்ணாடிக் கிளாஸ் கீழே விழுந்து உடைகிறது. 'அடடா, தெரியாம பட்ருச்சுண்ணே' என்கிறார். கடைக்காரர், 'பரவாயில்லண்ணே, விடுங்க, கால்ல குத்திராமப் பாத்து நில்லுங்க' என்கிறார். வாடிக்கையாளர் தேநீருக்கான பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைக்கிறார். 'கிளாஸுக்கும் எடுத்துக்கங்கண்ணே.' கடைக்காரர், 'அட வேணாம்ணே' என்கிறார். வாடிக்கையாளர் மேலும் வற்புறுத்தினால், 'சரி, இருக்கட்டும்' என்று எடுத்துக்கொள்ளலாம். அல்லது தேநீர்க் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் பக்கம் தள்ளிவிடலாம். முதலில் சொன்ன 'பரவாயில்லை' பணத்தைப் பற்றியதே அன்று. அத்தனை பேர் முன்னால் கூசி நிற்பவரின் கூச்சத்தைப் போக்கச் சொன்னது. பணத்தைப் பற்றிய முடிவு இரண்டாவது, மூன்றாவது பேச்சில்தான் வருகிறது.

பாங்காக்கில் ஒரு சிறு கடையில் இதே நடந்தால், வாடிக்கையாளர் 'கோ தோட்' என்கிறார். கடைக்காரப் பெண் 'மை பென் ரை கா' என்கிறார். பயண நூலைப் படித்து வந்த ஒருவர் இதோடு கதை முடிந்தது என்று எண்ணிப் போய்விடலாம். அப்படிப் போனால் அவர் முறைதவறியவர் ஆகிறார். கம்பத்துக் கடையில் போலவே, முதல் மை பென் ரை கூச்சத்தை நீக்க வந்தது. வாடிக்கையாளர் பணத்தை நீட்ட வேண்டும். அப்போதும் அந்தப் பெண் சிரித்துக் கையசைத்து, 'மை பென் ரை ரொக்' என்று சொன்னால் அதுவே பணத்தைப் பற்றிய பதில்.

அந்த இறுதிச் சொல்லான 'ரொக்' முக்கியமானது. எதிரில் இருப்பவர் மனத்தில் வைத்திருக்கும் எண்ணத்தை மென்மையாக மறுக்கும் இடைச்சொல் அது. 'நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை' என்ற குறிப்பு அதில் இருக்கிறது. தமிழில் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று சொல்லும்போது 'அதெல்லாம்' செய்யும் வேலைக்கு அது மிக அருகில் வருகிறது. 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் சொன்னால் பதில். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று சொன்னால், எதிராளியின் கவலையையும் சேர்த்து எடுத்து அப்பால் வைப்பதாகிறது.

சொல் ஒன்று, மனம் ஒன்று

சிரித்துச் சொன்ன 'மை பென் ரை' எப்போதும் சமாதானத்தைக் குறிக்குமா என்றால், இல்லை. தமிழிலும் அப்படித்தான். கணவன் கல்யாண நாளை மறந்துவிட்டு வந்து நிற்கும்போது மனைவி சொல்லும் 'பரவாயில்ல' என்பதை நம்பி நிம்மதியாகத் தூங்கியவர் எவரும் இருக்க முடியாது. சம்பந்தி வீட்டில் பந்தியில் விட்டுப்போன பெரியவர், 'அதெல்லாம் இருக்கட்டும்யா' என்று சொல்லிவிட்டு எழுந்துபோனால், அது பல ஆண்டுகள் பேசப்படும்.

தாய்லாந்து மக்களின் மதிப்பீடுகளை ஆராய்ந்த சுந்தரி கோமின், 1990-ல் வெளியிட்ட நூலில், அம்மதிப்பீடுகளை ஒன்பது தொகுதிகளாகப் பிரித்தார். முதலிடத்தில் அவர் வைத்தது தன்மதிப்பு. உறவுகளை உரசலில்லாமல் வைத்துக்கொள்வது அதற்குப் பின்னரே வருகிறது. எதையும் பொருட்படுத்தாத மக்கள் என்று சுற்றுலா விளம்பரம் வரையும் படத்துக்கு இது நேர்மாறானது. தன்மதிப்பு இவ்வளவு உயர்ந்த இடத்தில் இருக்கும் ஒரு சமூகத்தில், நேருக்கு நேர் குற்றம் சொல்வது ஆழமாகப் புண்படுத்தும். அந்தப் புண் ஏற்படாமல் இருவரையும் நகர்த்திக்கொண்டு போவதற்கே மை பென் ரை தேவைப்படுகிறது. பொருட்படுத்தாததால் சொல்வது என்பதைவிட, மிகவும் பொருட்படுத்துவதால் சொல்வது என்பதே பல இடங்களில் பொருந்தும்.

இதைப் பௌத்தத்தின் நிலையாமைக் கருத்தோடு இணைத்து விளக்குவது வழக்கம். தேரவாத பௌத்தம் பெரும்பான்மையாக உள்ள நாடு என்பதால் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பெரிதும் இசுலாமியர் வாழும் மலாய் நிலத்திலும் 'தீடாக் அப்பா' இதே வேலையைச் செய்வதைப் பார்த்தால், சமயத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

மனத்தில் உள்ளதை எப்படி அறிவது? சொல்லைக் காட்டிலும் அதன் பின்னால் வருவதைக் கவனிக்க வேண்டும். 'மை பென் ரை' என்று சொல்லிவிட்டுப் பேச்சு இயல்பாகத் தொடர்ந்தால், 'க்ரப்', 'கா' விகுதிகள் வழக்கம்போல வந்தால், பெரும்பாலும் விஷயம் முடிந்துவிட்டது. வழக்கமாக விகுதி சேர்ப்பவர் அதை விட்டுவிட்டு வறட்சியாகச் சொன்னாலோ, சொன்ன கையோடு பேச்சை முடித்துக்கொண்டாலோ, ஏதோ உள்ளே தங்கியிருக்கிறது. அதைவிடத் தெளிவான அடையாளம், அடுத்த உதவியை அவர் கேட்கிறாரா என்பது. மனத்தாங்கல் உள்ளவர் உதவி கேட்பதை நிறுத்திவிடுவார். கொடுக்க முன்வந்தாலும் 'மை பென் ரை' என்றே மறுப்பார். மன்னிப்புக்குச் சொன்ன அதே தொடர் இப்போது கதவை மெல்லச் சாத்துகிறது. தேனியில் இதை, 'பரவாயில்லங்க, நாங்களே பாத்துக்கிறோம்' என்று சொல்வார்கள். 'நாங்களே' என்பதில் விழும் அழுத்தத்தை இந்த ஊர்க்காரர் எவரும் தவறவிடுவதில்லை. தாய்லாந்து மொழியில் அந்த அழுத்தம் எங்கும் வெளிப்படையாக விழுவதில்லை என்பதுதான் வெளியூராருக்கு அங்கே உள்ள கடினம்.

தொடர் பொருந்தாத இடங்களும் உண்டு. மரணச் செய்தியோடு வந்தவரிடம் இதைச் சொல்வதில்லை. அங்கே 'சியா ஜை துவாய்' என்ற இரங்கல் தொடர் இருக்கிறது. நன்றிக்கு மறுமொழியாகச் சற்று முறையான இடங்களில் 'யின் டீ' என்பார்கள். 'மகிழ்ச்சியுடன் செய்தேன்' என்பது அதன் கருத்து. அலுவலகத்தில் மேலாளர் நன்றி கூறும்போது இளநிலை ஊழியர் 'மை பென் ரை' என்று சொல்வது, தான் உதவி செய்து கொடுத்தவர்போலத் தோன்றிவிடலாம் என்பதால் பலர் 'யின் டீ' என்று சொல்லியோ, கைகூப்பியோ, 'க்ரப்' என்று மட்டும் சொல்லியோ முடித்துக்கொள்கிறார்கள்.

வெளியுலகில் இத்தொடரைப் பரப்பியவற்றுள் கரோல் ஹோலிங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் நூலும் ஒன்று. பாங்காக்கில் வசித்துச் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவர், தம் அனுபவங்களை எழுதி 1965-ல் வெளியான அந்நூலுக்கு இத்தொடரையே தலைப்பாக வைத்து, அதன் பொருளாகப் 'போனால் போகட்டும்' என்ற கருத்தையும் தலைப்பிலேயே சேர்த்தார். பின்னர் வந்த பயண நூல்கள் பலவும் அந்த ஒரு பொருளையே பற்றிக்கொண்டன. 'என்ன ஆச்சு?' என்று கேட்டவருக்கு, 'ஒண்ணுமில்ல' என்று சொல்லும் அதன் முதற்பொருள் அவற்றில் பின்னுக்குப் போய்விட்டது.